ஒரே வரியை நாற்பது முறை எழுதாமல்

"முயற்சி நன்று. எழுத்துப் பிழைகளைத் தவிர்க்கவும்." கட்டுரை நோட்டு திருத்தும் தமிழாசிரியரின் சிவப்புப் பேனா ஒரே மாலையில் இந்த வரியை எத்தனை முறை எழுதியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அதுவே ஒரு பக்கம் வரும். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். நோட்டுக்கு எட்டு நிமிடம் என்றால் 320 நிமிடம், அதாவது ஐந்து மணி இருபது நிமிடம். அவரிடம் மூன்று பிரிவுகள் இருந்தால் ஒரு கட்டுரைக்கே பதினாறு மணி நேரம் ஆகும். பள்ளி நேரத்தில் இது முடியாது. வீட்டுக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமையைத் தின்கிறது. இவ்வளவும் ஆன பிறகு நோட்டைத் திரும்ப வாங்கும் மாணவர் மதிப்பெண்ணைப் பார்ப்பார், பக்கத்து மாணவரின் மதிப்பெண்ணைப் பார்ப்பார், நோட்டைப் பைக்குள் போடுவார்.

இங்கிலாந்தில் இந்தச் சுமை ஒரு கட்டத்தில் அரசே தலையிடும் அளவுக்குப் போனது. ஆசிரியர் ஒரு நிறத்தில் எழுதி, மாணவர் இன்னொரு நிறத்தில் பதில் எழுதி, அதற்கும் ஆசிரியர் மறுபடி எழுதும் வழக்கம் பல பள்ளிகளில் கட்டாயமாக இருந்தது. 2016-இல் அங்கே அரசு அமைத்த சுயேச்சைக் குழு, திருத்தம் பொருளுள்ளதாகவும் செய்யக்கூடியதாகவும் மாணவருக்கு ஊக்கம் தருவதாகவும் இருக்க வேண்டும் என்று சொன்னது. பக்கம் நிறைய மை இருப்பது நல்ல கற்பித்தலுக்குச் சான்றாகாது என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். அதன்பின் அங்கே பரவலாகப் பேசப்பட்ட மூன்று வழிகளை நம் தமிழ் வகுப்புக்கே பொருத்திப் பார்க்கலாம்: குறியீடு, மாதிரி, வகுப்புக்கே பொதுவான பின்னூட்டம்.

கட்டுரைத் தலைப்பு 'எங்கள் ஊர் ஏரி'.

முதலில் குறியீடு. பிழையின் மேலேயே சரியான சொல்லை எழுதிக் கொடுத்தால் மாணவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. மாறாக, பிழை உள்ள வரிக்கு நேரே மார்ஜினில் ஓரெழுத்தை மட்டும் இடலாம். ச என்றால் சந்திப்பிழை. எ என்றால் ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குழப்பம். ஒ என்றால் ஒருமை பன்மை. பே என்றால் பேச்சு வழக்கு புகுந்துவிட்டது. சா என்றால் சொன்னதற்குச் சான்று இல்லை. ஐந்து போதும். பன்னிரண்டு குறியீடு வைத்த பள்ளிகளில் மாணவர் அட்டையைப் புரட்டிப் பொருள் தேடுவதிலேயே களைத்துவிடுவார். சொல்லுக்கு அடியில் கோடும் வேண்டாம். "இந்த வரியில் ஒரு பிழை இருக்கிறது" என்று மட்டும் தெரிந்தால்தான் அந்த வரியை அவர் மறுபடி படிப்பார்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கட்டுரை முழுக்க 'ஏரி' என்று சரியாக எழுதிய பெண் ஓரிடத்தில் மட்டும் 'ஏறி' என்று எழுதியிருந்தால் அது கைத்தவறு. எ என்ற குறியைப் பார்த்ததும் தானே திருத்திவிடுவாள். எல்லா இடத்திலும் 'ஏறி' என்றே எழுதிய பையனுக்கு அதே குறியீடு எதையும் சொல்லாது. அவனுக்குத் தெரியாததை ஓரெழுத்தால் எப்படித் தெரிவிப்பது? சந்தியில் இது இன்னும் மோசமாகும். 'ஏரியை தூர் வாரினார்கள்' என்ற வரிக்கு எதிரே ச போட்டால், விதி தெரிந்தவர் 'ஏரியைத் தூர் வாரினார்கள்' என்று மாற்றுவார். விதி தெரியாதவர் வல்லினம் வந்த இடத்திலெல்லாம் ஒற்றைச் செருகத் தொடங்குவார். அதுவரை சரியாக இருந்த 'வறண்ட குளம்' அடுத்த கட்டுரையில் 'வறண்டக் குளம்' ஆகியிருந்தால், குறியீடு பாடம் நடத்தவில்லை, பயமுறுத்தியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆகவே குறியீடு தெரிந்ததை நினைவூட்ட மட்டுமே. தெரியாததைக் கரும்பலகைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

கரும்பலகைக்கு எது போக வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் மாதிரி. வருகைப் பதிவேட்டில் 3, 8, 13, 18 என்று ஐந்தைந்தாகத் தாண்டி 38 வரை போனால் எட்டு நோட்டு கிடைக்கும். அவற்றை மட்டும் முழுதாகத் திருத்தலாம். அடுத்த கட்டுரைக்கு 4-இல் தொடங்கினால், ஐந்து கட்டுரைகளில் ஒவ்வொருவர் நோட்டும் ஒருமுறை முழுத் திருத்தம் பெற்றுவிடும். எண்ணை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது முக்கியம். மேலே இருப்பதை எடுத்தால், முதலில் கொண்டுவந்து வைக்கும் சுறுசுறுப்பான பிள்ளைகளின் பிழைகள்தான் மாதிரியாகும். பிடித்த கையெழுத்தை எடுத்தாலும் இதே கதைதான்.

எட்டு போதுமா? நாற்பது பேரில் பத்துப் பேர் செய்யும் ஒரு பிழை இந்த எட்டில் ஒன்றில்கூடத் தென்படாமல் போக நூற்றுக்கு எட்டு வாய்ப்புதான் இருக்கிறது. வகுப்புக்கு என்ன நடத்துவது என்று முடிவெடுக்க அது போதும். ஆனால் இரண்டே பேர் செய்யும் பிழை தவறிப்போக நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஒரு பத்தியைக்கூடக் கோவையாக எழுத முடியாமல் தத்தளிக்கும் பிள்ளை பெரும்பாலும் அந்த இரண்டு பேரில்தான் இருக்கும். மாதிரி வகுப்பைக் காட்டும், தனிப்பிள்ளையைக் காட்டாது. மாதிரி முறையைப் பரிந்துரைப்பவர்கள் இதைப் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம். அதனால் மீதி முப்பத்திரண்டு நோட்டையும் மூடிய நிலையில் திருப்பித் தரக்கூடாது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, நோட்டுக்கு இரண்டு நிமிடம், நான்கைந்து குறியீடு மட்டும் இட்டு, வாசித்துக்கொண்டு போக வேண்டும். வழக்கத்துக்கு மாறாக எதுவும் கண்ணில் பட்டால் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம்.

கணக்குப் பார்ப்போம். நாற்பது நோட்டையும் வாசிக்க 80 நிமிடம். எட்டு மாதிரிக்குக் கூடுதலாக ஆறாறு நிமிடம் என்றால் 48. மறுநாள் வகுப்புக்குக் குறிப்புத் தயாரிக்க 20. மொத்தம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பழைய கணக்கில் பாதிக்கும் குறைவு.

அந்த எட்டில் கிடைத்தது இது என்று கொள்வோம். ஆறு பேர் 'நீரின்றி அமையாது உலகு', 'நீர் உயிரின் ஆதாரம்' என்று எந்த ஊருக்கும் பொருந்தும் வரிகளால் பொருளுரையை நிரப்பியிருக்கிறார்கள். ஏரியின் பெயர்கூட வரவில்லை. ஐந்து பேர் ஐ உருபுக்குப் பின் ஒற்றை விட்டிருக்கிறார்கள். மூன்று பேர் 'ஏரிகள் வறண்டுவிட்டது' என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆசிரியரின் கை முதலில் சந்திப்பிழைக்குத்தான் போகும், ஏனென்றால் அதைத் திருத்துவது எளிது. ஆனால் கட்டுரையின் உண்மையான நோய் முதலாவது. எனவே மறுநாள் வகுப்பில் முதலில் ஒரு நல்ல பத்தி வாசிக்கப்படுகிறது. எழுதிய மாணவரின் சம்மதத்தோடு, கலங்கல் வழிந்த ஆண்டையும் மடை திறக்கும் பெரியவரையும் பற்றி அவர் எழுதிய ஐந்து வரி. இதில் என்ன இருக்கிறது, உன் பத்தியில் என்ன இல்லை என்று இரண்டு நிமிடம் பேச்சு. பிறகு ஐ உருபு விதி, நான்கு எடுத்துக்காட்டு, கூடவே ஒற்று மிகாத இடத்துக்கும் இரண்டு. மோசமான எடுத்துக்காட்டு தேவைப்பட்டால் ஆசிரியரே ஒன்றை எழுதிக்கொள்வது நல்லது. மாணவர் வரியைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதினாலும் வகுப்பில் அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பொதுவாகச் சொன்னால் ஒவ்வொருவரும் அது அடுத்தவருக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். பொதுப் பின்னூட்டம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. நோட்டுகளை வாசித்து முடித்தபின் ஒவ்வொன்றின் கடைசி வரிக்குக் கீழே 1, 2, 3 என்று ஒரு எண்ணை வட்டமிட்டு வைப்பது. பலகையில் மூன்று வேலை எழுதப்பட்டிருக்கும். ஒன்று: ஒரு பத்தியை உன் ஏரியைப் பற்றி மட்டும் இரண்டு உண்மைகளோடு திருப்பி எழுது. இரண்டு: குறியீடு உள்ள ஒவ்வொரு வரியையும் திருத்தி, காரணத்தைப் பக்கத்தில் எழுது. மூன்று, நன்றாக எழுதியவருக்கு: முடிவுரையை ஊராட்சித் தலைவருக்கு எழுதும் கோரிக்கையாக மாற்று. பதினைந்து நிமிடம், வகுப்பிலேயே, நோட்டு கையில் இருக்கும்போதே. வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள், செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கவும் முடியாது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஆசிரியர் தாளில் குறித்துவைத்த பெயர்களின் பக்கத்தில் போய் உட்காரலாம். 'ஏறி' என்றே எழுதும் பையனுக்கு அங்கே இரண்டு நிமிடம் கிடைக்கும்.

இவ்வளவு மிச்சம் பிடிப்பதும் அந்த எட்டு நோட்டில் எழுதும் குறிப்புக்காகத்தான். 'ஏரியில் தண்ணீர் இல்லை. மக்கள் துன்பப்படுகிறார்கள்' என்று எழுதியவருக்கு 'விரிவாக எழுதுக' என்பது குறிப்பே அல்ல. விரிவாக எழுதத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பார். 'தண்ணீர் இல்லாத வருடம் உங்கள் வயலில் என்ன போட்டார்கள்? அதை மூன்று வரியில் எழுதி இரண்டாம் பத்தியின் கடைசியில் சேர்' என்றால் உட்கார்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. இப்படி ஒன்றை யோசித்து எழுத நான்கு நிமிடம் பிடிக்கும். நாற்பது பேருக்கும் ஒரே நாளில் இதை யாராலும் செய்ய முடியாது. அதனால்தான் 'முயற்சி நன்று' பிறக்கிறது.

மதிப்பெண்ணை அந்தக் குறிப்போடு சேர்த்துப் போடாமல் இருப்பது நல்லது. ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்தன. குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. மதிப்பெண் கட்டாயம் என்றால், திருப்பி எழுதிய பிறகு போடலாம்.

தேர்வுத்தாளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் இட வேண்டும், மாதிரி பார்ப்பதற்கு இடமே இல்லை. தமிழ் வாசிக்கவே தடுமாறும் வகுப்பிலும் குறியீடு உதவாது.

கடைசியாக, நோட்டைப் புரட்டும் தலைமை ஆசிரியரும் பெற்றோரும். சிவப்பு மை குறைந்த பக்கத்தைப் பார்த்தால் "திருத்தவே இல்லையே" என்பார்கள், அதில் தவறும் இல்லை. முதல் பக்கத்தில் குறியீட்டு அட்டவணையையும், எந்தக் கட்டுரைக்கு எந்த எண்கள் முழுத் திருத்தம் பெறும் என்பதையும் ஒட்டிவைத்தால் பாதிக் கேள்வி அடங்கும். மீதிக் கேள்விக்கு விடை அடுத்த கட்டுரையில் இருக்கிறது. அதில் ஐ உருபுக்குப் பின் ஒற்று விட்டவர்களை மட்டும் எண்ணிப் பார்க்க நோட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எண்ணிக்கை குறையவே இல்லை என்றால், அந்த விதியை வேறு எடுத்துக்காட்டுகளோடு மறுபடி நடத்த வேண்டியதுதான்.