பன்னிரண்டு குணமும் உள்ளவர் கிடைக்காவிட்டால்?

934ஆம் ஆண்டு பாக்தாதில் அப்பாஸியக் கலீஃபா அல்-காஹிரை அரியணையிலிருந்து இறக்கியவர்கள், கையோடு அவர் கண்களையும் குருடாக்கினார்கள். 944இல் அல்-முத்தகீ, 946இல் அல்-முஸ்தக்ஃபீ ஆகியோருக்கும் அதே கதிதான். கொல்லாமல் கண்ணைப் பறித்ததில் ஒரு கணக்கு இருந்தது. பார்வையில்லாதவர் கலீஃபாவாக இருக்க முடியாது என்பது அன்றைய பொதுக் கருத்து. உயிரோடு இருந்தாலும் அவர் திரும்பிவர வழியில்லை.

இந்த அமளிக்கு நடுவில்தான் அபூ நஸ்ர் அல்-ஃபாராபி, 942 வாக்கில், பாக்தாதில் ஒரு நூலைத் தொடங்கி டமாஸ்கஸில் போய் முடித்தார். ‘அல்-மதீனா அல்-ஃபாளிலா’, அதாவது அறநகரத்து மக்கள் கொண்டிருக்கும் கருத்துகளைப் பற்றிய நூல். அதில் நகரத் தலைவனுக்கு வேண்டிய பன்னிரண்டு குணங்களைப் பட்டியல் போடுகிறார். முதலாவது, அங்கங்களில் குறையில்லாத உடல். செய்ய நினைத்ததை உடல் தடையின்றிச் செய்து முடிக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். கண் பறிக்கப்பட்ட கலீஃபாக்களின் ஊரில் இருந்து எழுதியவர் இதை முதலில் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றவற்றில் பெரும்பகுதி பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் ஆறாம் பகுதியிலிருந்து வந்தவை. சொன்னதைச் சட்டெனப் புரிந்துகொள்ளுதல், மறதியின்மை, கற்பதில் ஆசை, உண்மையில் பற்று, சாப்பாடு முதலிய இன்பங்களில் அளவு, திர்ஹமும் தீனாரும் கண்ணுக்குத் துச்சமாக இருப்பது, நீதியில் பிடிப்பு, துணிவு. நாவன்மையை ஃபாராபி தனியே சேர்க்கிறார். பிளேட்டோவின் பட்டியலில் அதற்கு இடமில்லை. பேச்சால் கூட்டத்தை இழுப்பவர்களைப் பிளேட்டோ சந்தேகத்தோடு பார்த்தவர். அவருடைய ஆசான் சாக்ரடீஸுக்கு கி.மு. 399இல் மரண தண்டனை விதித்தது அப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டுப் பழகிய ஏதென்ஸ் மக்கள் மன்றம்தானே.

கிரேக்க நூல்களில் ஃபாராபிக்கு இருந்த புலமையால் அரிஸ்டாட்டிலுக்கு அடுத்த ‘இரண்டாம் ஆசான்’ என்றே அவரை அழைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ நூல் அரபியில் பெயர்க்கப்படவே இல்லை. ஆகவே அரசைப் பற்றிய பேச்சு என்றால் இஸ்லாமிய உலகில் அது பிளேட்டோவோடு நடந்த பேச்சாகவே ஆகிவிட்டது.

நாவன்மை ஏன் வேண்டும்? இங்கேதான் இரண்டு நகரங்களும் பிரிகின்றன. பிளேட்டோவின் தலைவர் பள்ளியில் உருவாகிறவர். இருபது வயதில் தேர்வு, பத்து ஆண்டு கணிதம், ஐந்து ஆண்டு தத்துவ விவாதம், பிறகு பதினைந்து ஆண்டு பொதுப்பணி. ஐம்பது வயதில்தான் ஆட்சிக்குத் தகுதி. அவர் கண்ட உண்மை மற்றவர்களுக்கு எட்டாது. மக்களைக் கட்டிவைக்க ஒரு கதை சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் பிளேட்டோ: உங்கள் சிலர் ஆன்மாவில் தங்கம் கலந்திருக்கிறது, சிலருக்கு வெள்ளி, மற்றவர்களுக்கு இரும்பும் வெண்கலமும் என்று. கதை சொல்பவருக்கே அது பொய் என்று தெரியும்.

ஃபாராபி இந்தப் பொய்யை ஏற்கவில்லை. அவருடைய முதல் தலைவர் தத்துவஞானி மட்டுமல்ல, நபியும் கூட. வானுலக அறிவு ஒன்றிலிருந்து பெருகிவரும் ஒளி அவருடைய பகுத்தறிவில் படியும்போது அவர் ஞானி. அதுவே கற்பனை ஆற்றலில் இறங்கும்போது நபி. பகுத்தறிவு நிரூபணமாக அறிந்ததைக் கற்பனை உருவகமாக்கித் தருகிறது. குளத்து நீரில் தெரியும் மரம் மரமல்ல. ஆனால் கரையில் மரம் இருப்பதால்தான் அது தெரிகிறது. ஃபாராபியின் பார்வையில் மதம் அப்படிப்பட்ட பிம்பம். தத்துவம் படிக்க நேரமோ திறமோ இல்லாதவர்களுக்கு உண்மை போய்ச்சேரும் வழி அது, ஏமாற்று அல்ல.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு பத்தாம் நூற்றாண்டுக்குத் துணிச்சலானது. உருவகங்கள் ஒவ்வொரு மக்களுக்கும் பழகிய பொருள்களிலிருந்து வருபவை. ஆகவே வெவ்வேறு மதம் கொண்ட பல மக்கள் கூட்டங்கள் ஒரே நன்மையை நாடி வாழலாம். அவை எல்லாமே அறம் பொருந்தியவையாக இருக்கலாம். பிளேட்டோவின் நகரம் கிரேக்க நகரம், அளவு மீறக்கூடாது. ஃபாராபியோ நகரம், அதைவிடப் பெரிய இனக்கூட்டம், மனிதர் வாழும் பூமி முழுவதும் என மூன்று அளவுகளில் நிறைவான சமூகத்தைக் காண்கிறார். காவலர்களுக்குள் மனைவி மக்களும் சொத்தும் பொது என்ற பிளேட்டோவின் ஏற்பாட்டை அவருடைய அறநகரத்தில் காணோம்.

சரி, அப்படி ஒருவர் வந்தார், சட்டம் தந்தார், மறைந்தார். அடுத்து? பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் நகரம் சரியத் தொடங்கினால் படிப்படியாகச் சரிந்து கொடுங்கோலில்தான் நிற்கும். சட்டத்தை நம்பும் இரண்டாம் தர நகரத்தை அவர் முதுமையில் எழுதியது வேறு நூலில். ஃபாராபிக்கோ இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல. நபி மறைந்து முந்நூறு ஆண்டு ஆகிவிட்ட சமூகம் அவருடையது. அதனால் படிகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார்.

பன்னிரண்டும் உள்ளவர் இல்லையென்றால், ஆறு தகுதி உள்ள இரண்டாம் தலைவர் போதும். அவர் ஞானியாக இருக்க வேண்டும். முன்னோர் தந்த சட்டங்களை அறிந்து காக்க வேண்டும். அவர்கள் சொல்லாமல் விட்டதை அவர்கள் வழியிலேயே உய்த்துணர வேண்டும். புதிதாக முளைக்கும் சிக்கலுக்கு வழி காண வேண்டும். மக்களுக்கு எடுத்துச்சொல்லத் தெரிய வேண்டும். போரைத் தாங்கும் உடல் வேண்டும். இந்த ஆறும் ஒருவரிடம் இல்லையா? ஞானம் ஒருவரிடமும் மீதி ஐந்தும் இன்னொருவரிடமும் இருந்தால் இருவரும் சேர்ந்து ஆளட்டும். ஆறும் ஆறு பேரிடம் சிதறிக் கிடந்தால், அவர்களுக்குள் ஒத்துப்போகிறதென்றால், அறுவரும் தலைவர்கள்.

இவ்வளவு விட்டுக்கொடுப்பவர் ஓரிடத்தில் மட்டும் அசையமாட்டார். மற்ற ஐந்தும் இருந்து ஞானம் இல்லையென்றால் அந்த நகரத்துக்கு அரசனே இல்லை என்று பொருள். ஞானி ஒருவர் துணைக்குக் கிடைக்காவிட்டால் சிறிது காலத்தில் நகரம் அழியும். மூன்றாவது தகுதி முழுக்க ஃபிக்ஹு அறிஞர்களின் வேலை என்பதைக் கவனியுங்கள். முஃப்திகளும் தளபதிகளும் பாக்தாதில் நிறையவே இருந்தார்கள். 936 முதல் உண்மையான அதிகாரமும் கலீஃபாவிடமிருந்து தளபதிகளின் கைக்குப் போயிருந்தது. ஃபாராபியின் கணக்குப்படி அது தலையில்லாத ஊர்.

அறநகரத்துக்குள்ளேயே பொருந்தாமல் வளரும் ஆட்களும் உண்டு. அவர்களுக்கு அவர் வைத்த பெயர் ‘நவாபித்’, பயிருக்கு நடுவில் தானாக முளைக்கும் களைகள். தலைவன் அவர்களைக் கண்காணிக்க வேண்டும், திருத்த வேண்டும், சிலரை விரட்டவும் வேண்டும்.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்குப் பின், ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் வாழ்ந்த இப்னு பாஜா இதே சொல்லை எடுத்துக்கொண்டார். அமைச்சராக இருந்து அரசவையை உள்ளிருந்து பார்த்தவர் அவர். ஆறு பேரைச் சேர்த்து ஆளவைக்கும் யோசனையெல்லாம் அவரிடம் இல்லை. தன் காலத்து நகரங்கள் அனைத்தும் கெட்டவை என்று எடுத்துக்கொண்டே ‘தனித்திருப்பவனின் ஒழுங்கு’ என்ற நூலை எழுதினார். அதில் களை என்பது, கெட்ட ஊரில் யாரும் விதைக்காமல் முளைத்த நல்ல மனிதன். அவனுக்கு அவர் தரும் யோசனை, முடிந்தவரை ஊராரிடமிருந்து ஒதுங்கியிரு, தேவைக்கு மட்டும் பழகு, அறிவாளிகள் இருக்கும் ஊர் தெரிந்தால் அங்கே போய்விடு என்பதுதான்.