தூங்கி எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லையா? அன்றே டாக்டரைப் பாருங்கள்

காலையில் போன் அடிக்கிறது. வலது காதில் வைத்தால் எதிர்முனையில் பேசுவது கேட்கவில்லை. இடது காதுக்கு மாற்றினால் தெளிவாகக் கேட்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சலும் இல்லை. காது அடைத்துக்கொண்டது போல இருக்கிறது, உள்ளே ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல். நேற்றிரவு படுக்கும்போது இதெல்லாம் இல்லை.

வீட்டில் இதற்கு உடனே காரணம் கிடைத்துவிடும். தலைக்குக் குளித்ததில் தண்ணீர் போயிருக்கும், சளி இறங்கியிருக்கும், அழுக்கு சேர்ந்திருக்கும் என்பார்கள். ஒருவர் எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்வார். மெடிக்கல் ஷாப்பில் அழுக்கைக் கரைக்கும் சொட்டு மருந்தும் சளி மாத்திரையும் கொடுப்பார்கள். ‘ஒரு வாரம் பார்ப்போம்’ என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். கேட்கும் திறனை நிரந்தரமாக இழக்க இந்த ஒரு வாரமே காரணமாகிவிடலாம்.

அடைப்பா, நரம்பா?

காது கேட்காமல் போவதில் இரண்டு வகை உண்டு. அழுக்கு, சளி, செவிப்பறையில் ஓட்டை போன்றவற்றால் ஒலி உள்ளே போக வழியில்லாமல் போவது ஒன்று. ஒலி உள்ளே போயும், உட்காதின் நத்தை எலும்போ கேட்கும் நரம்போ வேலை செய்யாமல் இருப்பது இன்னொன்று. மூன்று நாட்களுக்குள் திடீரென ஏற்படும் இரண்டாவது வகையைத்தான் மருத்துவர்கள் அவசரம் என்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நோயாளிக்கு இரண்டுமே ‘அடைத்துக்கொண்ட’ மாதிரிதான் இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முதலில் நல்ல காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடியபடி ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். அடைத்த பக்கமே ஒலி உரக்கக் கேட்கும். அதாவது, வழி அடைபட்ட காதில்தான் முனகல் பெரிதாகக் கேட்கும். இப்போது விரலை எடுத்துவிட்டு மறுபடி முனகுங்கள். ஒலி கேட்காத காதின் பக்கம் போனால் அது அடைப்பாக இருக்கலாம். நல்ல காதின் பக்கம் போனால் நரம்பு பாதித்திருக்கலாம். டாக்டர் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். ஆனால் முனகல் சோதனையை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. எந்தப் பக்கம் கேட்டாலும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

தானாகச் சரியாகுமே, ஏன் ஓட வேண்டும்?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இப்படிக் கேட்காமல் போனவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையிலானவர்களுக்கு ஓரளவாவது தானாகத் திரும்புகிறது. ஆனால் அந்த அதிர்ஷ்டசாலி யார் என்று முதல் நாளில் எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. தலைசுற்றலோடு வந்தவர்களுக்கும், கேட்கும் திறன் மிகவும் குறைந்துபோனவர்களுக்கும், வயதானவர்களுக்கும் திரும்பும் வாய்ப்பு குறைவு.

உட்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது ஒரே ஒரு மெல்லிய குழாய்தான்; அது தடைபட்டால் ஈடுகட்ட வேறு வழி இல்லை. ஒலியை நரம்புக்கு மாற்றித் தரும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை இறந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. வைரஸ் தொற்று, ரத்த ஓட்டத் தடை, உடலின் எதிர்ப்பு சக்தியே திரும்பித் தாக்குவது என்று பல காரணங்கள் சந்தேகிக்கப்பட்டாலும், பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் தெரிவதே இல்லை. அதனால் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.

அந்தச் சிகிச்சை ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலன் அதிகம் எதிர்பார்க்கலாம். ஆறு வாரம் தாண்டிவிட்டால் அநேகமாகக் கைகொடுக்காது. எல்லோருக்கும் பலிக்கும் என்ற உறுதியும் கிடையாது. ஆனால் தவறவிட்ட நாட்களைத் திரும்பப் பெற வழியே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு

சர்க்கரை நோயுள்ள 50 வயதுப் பெண் ஒருவருக்குத் திங்கட்கிழமை காலையில் இப்படி ஆனது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் முதலில் காதுக்குள் பார்க்கிறார். அழுக்கு இல்லை, செவிப்பறையும் நன்றாக இருக்கிறது. காது ‘சுத்தமாக’ இருப்பதால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வெளியே எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்பதே நரம்பின் மீது சந்தேகத்தைக் கூட்டுகிறது.

அடுத்து ஆடியோகிராம். இடது காதுக்கு 20 டெசிபலில் கேட்கும் ஒலி, வலது காதுக்கு 60 டெசிபலுக்கு உயர்த்தினால்தான் கேட்கிறது. அடுத்தடுத்த மூன்று ஒலி அலைவரிசைகளில் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் நோய் உறுதி. ஆடியோகிராம் மறுநாள்தான் கிடைக்கும் என்றாலும், டியூனிங் ஃபோர்க் சோதனையை வைத்தே டாக்டர் மருந்தைத் தொடங்கலாம்.

வழக்கமாக ஸ்டீராய்டு மாத்திரையை உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம், நாளுக்கு 60 மில்லிகிராமுக்கு மிகாமல், ஒன்றிரண்டு வாரம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். இவருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறும். அதனால் மருந்தைச் செவிப்பறை வழியாக ஊசியால் நடுக்காதுக்குள் செலுத்துவது இவருக்கு ஏற்ற வழி. மாத்திரை பலிக்காதவர்களுக்கும் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் இந்த ஊசியைப் போட்டுப் பார்க்கலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வயிற்றுப் புண், முன்பு வந்த காசநோய், கர்ப்பம் இவற்றை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கேட்கும் திறன் திரும்பிவிட்டாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்க வேண்டாம். நூறில் ஒரு சிலருக்கு, கேட்கும் நரம்பில் வளரும் புற்றுநோயல்லாத கட்டியின் முதல் அறிகுறி இதுதான். சாதாரண சி.டி. ஸ்கேனில் சிறிய கட்டி தப்பிவிடும்.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை

‘சளிதான், ஒரு வாரம் பாருங்கள்’ என்று சொல்லப்பட்டால் மரியாதையாகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது அடைப்பா, நரம்பா? டியூனிங் ஃபோர்க் வைத்துப் பார்த்தீர்களா? ஆடியோகிராம் இன்றே எடுக்க முடியுமா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. டோக்கன் வாங்கும்போதே ‘நேற்றுவரை கேட்டது, இன்று ஒரு காது கேட்கவில்லை’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆடியோகிராமின் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முன்னேற்றத்தை ஒப்பிட அதுதான் ஆதாரம். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

காது கேட்காமல் போனதோடு முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் மரத்துப்போவது, பொருட்கள் இரண்டாகத் தெரிவது, நிற்கவே முடியாத தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். நேரே 108ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இரண்டு காதுகளிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடாகக் கணக்கில் எடுக்கிறது. ஒரு காது முழுதாகப் போனவருக்கு அந்தச் சட்டத்தில் சலுகை இல்லை. அந்த நிலை வராமல் தடுக்க இருக்கும் நல்ல வாய்ப்பு, முதல் நாளிலேயே டாக்டரிடம் போவதுதான்.