மலிவான தளம் எது?

சென்னைக் கடற்கரையை ஒட்டி ஐந்து மாடி அலுவலகம் ஒன்று கட்டப்போவதாக வைத்துக்கொள்வோம். தூணுக்குத் தூண் எட்டு மீட்டர். தளம் போட மூன்று வழிகள்: வழக்கமான பீமும் ஸ்லாபும்; பீமே இல்லாமல், உள்ளே கேபிள்களை இழுத்து இறுக்கிய போஸ்ட் டென்ஷன் தளம்; இரும்புச் சட்டத்தின் மேல் தகடு விரித்து ஊற்றும் காங்கிரீட். இவற்றை ஒப்பிட்டு எழுதுவதே மதிப்புப் பொறியியல் அறிக்கை. இந்த முறைக்கு வித்திட்டவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் லாரன்ஸ் மைல்ஸ். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பொருள்கள் கிடைக்காமல் திண்டாடியபோது, ‘இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, அதே வேலையை வேறு எது செய்யும்?’ என்று அவர் கேட்டார்.

தளத்தின் வேலை பாரம் தாங்குவது மட்டுமா? அதன் கனம்தான் மாடியின் உயரத்தையும் தீர்மானிக்கிறது. எட்டு மீட்டருக்குப் பீம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆழம் கேட்கும். போஸ்ட் டென்ஷன் தளம் 22 சென்டிமீட்டர் அளவில் முடிந்துவிடும். ஏசி குழாய்கள் எதன் அடியிலும் தொங்கத்தான் வேண்டும் என்பதால், மாடிக்குக் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் மிச்சம். ஐந்து மாடிக்கு இரண்டு மீட்டர் வெளிச்சுவர், பூச்சு, பைப் எல்லாம் குறைகின்றன. கம்பிக்கும் காங்கிரீட்டுக்கும் மட்டும் விலை போட்ட அறிக்கையில் இந்த வரி இருக்காது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வரி விடுபடுவதுண்டு. பீம் இல்லாத கட்டடம் நிலநடுக்கத்தில் பக்கவாட்டு அசைவைத் தாங்க காங்கிரீட் சுவர்கள் வேண்டும். சென்னையில் இதைத் தவிர்க்க முடியாது. அந்தச் செலவைக் காட்டாமல் ‘சிக்கனம்’ என்று சொல்லும் அறிக்கையை நான் அங்கேயே மூடிவிடுவேன்.

உப்புக்காற்று இன்னொரு கணக்கு. கடலோரச் சூழலில் வெளிப்படும் காங்கிரீட்டை ஐ.எஸ். 456 ‘கடுமை’ வகையில் சேர்க்கிறது. குறைந்தது எம்30 காங்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மறைப்பு. சாதாரணக் கம்பி துருப்பிடித்தால் விரிசலும் கறையும் காட்டிக்கொடுக்கும். கேபிள் குழாய்க்குள் சிமென்ட் குழம்பு சரியாக நிரம்பாமல் ஓர் இடைவெளி விழுந்தால், அரிப்பு வெளியே தெரியாமலே நடக்கும். இரும்புச் சட்டம் வேகமாக ஏறும். ஆனால் தீத்தடுப்புப் பூச்சும், வெளியே தெரியும் பாகங்களுக்கு அவ்வப்போது பெயிண்டும் காலமெல்லாம் செலவு.

கட்டுவதில் போஸ்ட் டென்ஷனுக்குத் தட்டையான சென்ட்ரிங் போதும். பீம் பெட்டிகள் அடிக்கும் வேலை இல்லை. கான்கிரீட் போதிய பலம் பெற்றதும், பெரும்பாலும் சில நாள்களில், கேபிளை இழுத்துவிட்டால் பலகையை அடுத்த மாடிக்குக் கொண்டுபோகலாம். ஆனால் இழுக்கத் தனிக்குழு வர வேண்டும். அது ஒரு நாள் வராவிட்டால் அந்தச் சுழற்சியே நின்றுவிடும். அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு குழுதான் இருக்கிறதென்றால் விலையில் பேரமும் இல்லை.

வாடகைக்கு விடும் அலுவலகத்தில் புதிதாக வருபவர் டாய்லெட் பைப்புக்காகத் தளத்தைத் துளைப்பார்; அங்கே கேபிள் இருக்கலாம். எட்டு மீட்டருக்கு என் ஓட்டு பீமுக்கே. தூண் இடைவெளி பத்து மீட்டரைத் தாண்டினால் கேபிளுக்கு.