“எத்தனை நாள் விட்டுப்போச்சு?”

காசநோய்க்கு மருந்து தொடங்கி ஏழாவது வாரம். இருமல் அடங்கிவிட்டது. சாயங்காலக் காய்ச்சல் இல்லை. சோறு இறங்குகிறது. செவிலியர் போனைக் கையில் எடுக்க வேண்டிய நேரம் இதுதான். உடம்பு தேறியதும்தான் பலர் மாத்திரையை விடுகிறார்கள்.

முதல் சில வாரங்களில் வேகமாகப் பெருகும் கிருமிகள் செத்துவிடும். அதனால்தான் உடம்பு லேசாகிறது. உறங்கிக் கிடப்பதைப் போல மெதுவாக வாழும் கிருமிகள் உள்ளே மிச்சம் இருக்கும். மருந்து ஆறு மாதம் நீள்வது பெரும்பாலும் அவற்றுக்காகத்தான்.

ஒரு லாரி டிரைவரை எடுத்துக்கொள்வோம். எடை 52 கிலோ. அந்த எடைக்கு நாளொன்றுக்கு நான்கு கூட்டு மாத்திரை. 28 மாத்திரை கொண்ட ஓர் அட்டை அவருக்குச் சரியாக ஒரு வாரம் வரும்.

போனை வேறொருவர் எடுத்தால் செவிலியர் நோயின் பெயரையோ மருந்தையோ சொல்லக் கூடாது. “அப்புறம் கூப்பிடுறேன்” என்று வைத்துவிட வேண்டும். மனைவியோ மாமியாரோ எடுத்தாலும் இதே விதிதான். வீட்டில் யாருக்குத் தெரியலாம் என்பதை நோயாளிதான் முடிவு செய்வார். அவரே எடுத்தாலும் முதல் கேள்வி, “இப்ப பேச வசதியா அண்ணே, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?” என்பதாக இருக்கட்டும்.

அடுத்து “ஒழுங்கா மாத்திரை போடுறீங்களா?” என்று கேட்டால் “போடுறேன் சிஸ்டர்” என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்வியிலேயே அதட்டல் இருக்கிறது. நான் பரிந்துரைப்பது வேறு: “வேலை அலைச்சல்ல ரெண்டொரு நாள் விட்டுப்போறது எல்லாருக்கும் நடக்குறதுதான். போன புதன்கிழமை புது அட்டை பிரிச்சீங்கல்ல, உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு? அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன்.”

இன்று திங்கட்கிழமை. காலை மாத்திரை போட்டாயிற்று என்கிறார். ஆறு நாளில் 24 போயிருந்தால் நான்குதான் மிச்சம் இருக்க வேண்டும். “பன்னெண்டு இருக்கு சிஸ்டர்.” அப்படியானால் எட்டு மாத்திரை, அதாவது இரண்டு நாள் விட்டுப்போயிருக்கிறது. திட்டாமல் காரணம் கேட்டால் வெளிவரும்: “சேலத்துக்கு லோடு போனேன். அட்டை வீட்டுலயே நின்னுபோச்சு.”

“சரிண்ணே. விட்ட எட்டையும் சேர்த்து ஒரேயடியா போட்டுறாதீங்க. நாளையிலேருந்து வழக்கம்போல நாலுதான். விட்ட ரெண்டு நாளைக் கடைசியில சேர்த்துக்கலாம். வெளியூர் போற பையில ஒரு அட்டை எப்பவும் இருக்கட்டும். ரொம்ப நாள் தங்குற மாதிரின்னா முன்னாடியே சொல்லுங்க, அந்த ஊர்லயே மருந்து கிடைக்க ஏற்பாடு பண்றேன்.”

எண்ணிப் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மாத்திரையைப் பிரித்துத் தூக்கிப் போட்டவரையும் அட்டை விழுங்கியவராகவே காட்டும். 1950களின் பிற்பகுதியில் சென்னையில் நடந்த ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானதைக் காட்டியது. அப்போதே மாத்திரை எண்ணுவதோடு நிற்காமல் சிறுநீரையும் சோதித்தார்கள். போனில் அதற்கு வழியில்லை. ஆகவே நோயாளி பயமில்லாமல் உண்மை சொல்லும்படி பேசுவதுதான் செவிலியரிடம் உள்ள கருவி.

பக்க விளைவையும் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். “ஏதாவது தொந்தரவு இருக்கா?” என்றால் “ஒண்ணுமில்லை” என்பார்கள். “சிறுநீர் சிவப்பா போறது மாத்திரையோட நிறம்தான், பயப்படாதீங்க. ஆனா கண்ணு வெள்ளை மஞ்சளாகுதா? விடாம வாந்தி வருதா? பார்வை மங்கலா தெரியுதா, நிறம் பிடிபடலையா? இதுல ஒண்ணு இருந்தாலும் அடுத்த வேளை மாத்திரை போடுறதுக்கு முன்னாடி இன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்.”

கடைசியாக வருகிற தேதி. இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனை இருக்கிறது. கிருமி இல்லையென்றால் நான்கு மருந்துக்குப் பதில் மூன்று மருந்தாக இன்னும் நான்கு மாதம். கிருமி தெரிந்தால், மருந்துக்கு அது கட்டுப்படுகிறதா என்று மேலும் சோதிப்பார்கள். இந்தக் கட்டத்தில் “எனக்குத்தான் சளியே வரலையே” என்பது வழக்கமாக வருகிற பதில். பரிசோதனைக்கு வராமல் போவதற்கும் அதுவே காரணமாகிவிடும். “காலையில எந்திரிச்சதும் வாயைக் கொப்பளிச்சுட்டு, நல்லா ஆழமா மூச்சிழுத்து இருமிப் பாருங்க. எச்சில் வேணாம், நெஞ்சுலேருந்து வர்றது கொஞ்சமா இருந்தாலும் போதும். அதுவும் வரலைன்னாலும் நீங்க வந்துடுங்க.”

போனை வைப்பதற்குள் தேதியை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

“எப்ப வர்றீங்கண்ணே?”

“அடுத்த திங்கக்கிழமை. காலைச் சளி. மிச்ச அட்டையும் கொண்டாரேன் சிஸ்டர்.”