நவம்பருக்கு ஏன் இரண்டு முகடு?

படத்தைக் காதால் காட்ட முடியாது. அதனால் இந்த எபிசோடில் பேசின ரிட்ஜ்லைன் ப்ளாட்டை இங்கே எழுத்தில் பார்த்துடலாம்.

கருப்பு டிஷர்ட்ல வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர் மாதிரி அடுக்கி இருக்கும், பார்த்திருப்பீங்க. அது ஜாய் டிவிஷன் இசைக்குழுவோட 1979 ஆல்பம் அட்டை. ஒரு பல்சரிலிருந்து வந்த ரேடியோ துடிப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்த படம் அது. அதே மாதிரி இருந்ததால் 2017-ல் இந்த வகை வரைபடத்துக்கு முதலில் 'ஜாய்ப்ளாட்' என்று பெயர் வந்தது. ஆனால் அந்தக் குழுவின் பெயருக்குப் பின்னால் நாஜி முகாம்களில் பெண்களுக்கு நடந்த கொடுமை இருக்கு. அதனால் அதே வருஷம் 'ரிட்ஜ்லைன்' என்று மாற்றிட்டாங்க.

ஒரு வித்தியாசம் முக்கியம். பல்சர் படத்தில் கோடு என்பது நேரடி சிக்னல். ரிட்ஜ்லைன் ப்ளாட்டில் கோடு என்பது பரவல்: எந்த அளவு எத்தனை தடவை வந்தது என்பதை மென்மையாக்கி வரைந்த மலை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மலை.

உதாரணத்துக்கு, கிளாஸ் வில்கி எழுதின ggridges என்ற ஆர் பேக்கேஜில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் லிங்கன் நகரத்தின் 2016 வானிலைத் தரவு கூடவே வருது. இதை ஓட்டிப் பாருங்க:

```r
library(ggplot2)
library(ggridges)

ggplot(lincoln_weather,
       aes(x = `Mean Temperature [F]`, y = Month)) +
  geom_density_ridges(bandwidth = 3, scale = 1.5)
```

ஜூலை மலை ஒல்லியாக, உயரமாக நிற்கும். கிட்டத்தட்ட எல்லா நாளும் ஒரே மாதிரி வெயில். டிசம்பர் மலை குட்டையாக, அகலமாகப் படுத்திருக்கும். இன்றைக்கு ஒரு குளிர், நாளைக்கு வேறொரு குளிர்.

நவம்பரில்தான் விஷயம் இருக்கு. அதுக்கு இரண்டு முகடு: ஒன்று 35 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கத்தில், இன்னொன்று 50 பக்கத்தில். அதாவது சுமார் 2 டிகிரி செல்சியஸும் 10 டிகிரி செல்சியஸும். மாதச் சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு எண் வரும். அந்த எண்ணை நம்பி ஜாக்கெட் எடுத்தால், பாதி நாள் நடுங்குவீங்க, பாதி நாள் வியர்ப்பீங்க.

சரி, அந்த இரண்டு முகடும் நிஜமா? நவம்பரில் இருப்பதே 30 நாள், அதாவது 30 புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சின்ன மணல் குவியலாக நினைச்சுக்கோங்க. எல்லாக் குவியலும் சேர்ந்துதான் மலை. குவியல் எவ்வளவு அகலம் என்பதைத்தான் `bandwidth` சொல்லுது. 3 என்பதை 0.5 ஆக்கினால் ஒவ்வொரு மாதமும் சீப்புப் பல் மாதிரி ஆகிடும். அதில் தெரியும் முகடுகளில் பெரும்பாலானவை வெறும் தற்செயல். 10 ஆக்கினால் நவம்பரின் இரண்டு முகடும் ஒன்றாகக் கரைஞ்சிடும். அதனால் ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. `bandwidth`-ஐப் பாதியாக்கி ஒரு தடவை, இரட்டிப்பாக்கி ஒரு தடவை வரைங்க. `jittered_points = TRUE` சேர்த்தால் உண்மையான நாட்களும் புள்ளிகளாகத் தெரியும். முகட்டுக்குக் கீழே புள்ளிகள் கூட்டமாக இருக்கணும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் அது முகடே இல்லை.

முகடு நிஜமாக இருந்தாலும் காரணத்தை மலை சொல்லாது. மாத ஆரம்பத்தில் இதமாக இருந்து, பிறகு குளிர் வந்து அப்படியே தங்கினாலும் இரண்டு முகடு வரும். நாளுக்கு நாள் மாறி மாறி அடிச்சாலும் இரண்டு முகடுதான். மலைக்குள் போனதும் தேதி வரிசை தொலைஞ்சு போகுது. அதனால் நவம்பரை மட்டும் எடுத்து, தேதிவாரியாக ஒரு சாதாரணக் கோட்டுப் படம் போட்டுப் பாருங்க. அது ஒரு நிமிஷ வேலை.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு மலைக்கும் பரப்பளவு ஒன்றுதான். லிங்கன் தரவில் எல்லா மாதமும் ஏறக்குறைய 30 நாள் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் உங்க ரன்னிங் ஆப் தரவைப் போட்டால், 4 நாள் மட்டும் ஓடின பிப்ரவரியும் 25 நாள் ஓடின ஜூனும் ஒரே கனத்தில் நிற்கும். மாதப் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை புள்ளி என்று எழுதிடுங்க. அஞ்சாறு புள்ளிதான் என்றால் மலையே வேண்டாம், புள்ளிகளை மட்டும் போடுங்க.

அடுத்த எபிசோடில் பேசலாம்!