ஒரு வில்லை மைசூர்பாகின் கணக்கு

மைசூர்பாகு கிளறும் கடாயிலிருந்து இரண்டு பொருள்கள் வெளியேறுகின்றன. ஒன்று, ஆவியாகிப் போகிற தண்ணீர். மற்றது, கொட்டிய தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் வடிகிற நெய். தண்ணீர் எடையைக் குறைக்கிறதே தவிர, சத்து எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. நெய்யோ கிராமுக்கு ஒன்பது கலோரியோடு போகிறது. இந்த இரண்டையும் தனித்தனியே பிடித்துவிட்டால், ஆய்வுக்கூடம் இல்லாமலேயே ஒரு வில்லைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சேர்வராயன் மலையில், வாழவந்தியில் ஒரு வீட்டில் தீபாவளிக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். கடலை மாவு 250 கிராம், சர்க்கரை 500 கிராம், நெய் 500 கிராம், பாகுக்குத் தண்ணீர் 200 கிராம். எல்லாமே தராசில் நிறுத்தவை. நெய்யை மட்டும் அரை லிட்டர் என்று அளந்தால் கணக்கு அங்கேயே சறுக்கிவிடும். நெய் தண்ணீரைவிட லேசானது, அரை லிட்டர் 455 கிராம்தான் வரும்.

இனி அட்டவணை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலில் 100 கிராம் கடலைப்பருப்புக்குப் புரதம் ஏறத்தாழ 21.5 கிராம், கொழுப்பு 5.3, கார்போஹைட்ரேட் 47, நார்ச்சத்து 15. கடலை மாவு அந்தப் பருப்பை அரைத்ததுதான். சர்க்கரையை முழுக்கக் கார்போஹைட்ரேட்டாகவும், நெய்யைக் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆக கடாய்க்குள் போனது: புரதம் 54 கிராம், கார்போஹைட்ரேட் 617, கொழுப்பு 511.

கொதிக்கும் நெய்யை ஊற்றும்போது பாகிலிருக்கும் தண்ணீர் நீராவியாகச் சீறி வெளியேறுகிறது. மைசூர்பாகில் தேன்கூடு மாதிரித் தெரியும் துளைகள் அது போன வழிதான். கொட்டி ஆறியதும் மூன்று எடைகள் எடுக்க வேண்டும். தட்டில் இருப்பது 1,150 கிராம், வடிந்த நெய் 70, கடாயிலும் கரண்டியிலும் ஒட்டிக்கொண்டது 20 என்று வந்தால், கூட்டுத்தொகை 1,240.

இந்த எண்ணை நம்பலாமா என்று சோதிக்க ஓர் அருமையான வழி உண்டு. மாவில் பத்தில் ஒரு பங்கு ஈரம். அது முழுதும் போய்விட்டாலும் மாவு 225, சர்க்கரை 500, நெய் 500 என 1,225 கிராம் மிஞ்சியே தீரும். கூட்டுத்தொகை அதற்குக் கீழே போனால் எங்கோ சிந்தியிருக்கிறது, அல்லது நிறுத்தது தவறு. 1,300ஐத் தாண்டினால் தண்ணீர் போகவில்லை. வில்லையாக வெட்ட வராது, அல்வாவாகத்தான் நிற்கும். நம்முடைய 1,240இல் மிச்சத் தண்ணீர் 15 கிராம்தான்.

மலையில் இந்தத் தண்ணீர்க் கணக்கு இன்னும் கவனிக்க வேண்டியது. அதே சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் 105 டிகிரி வாக்கில் வருகிற கம்பிப் பதம் அங்கே 100 வாக்கிலேயே வந்துவிடும். சேலத்துச் சமையல் குறிப்பைப் பார்த்து வெப்பமானியில் 105 வரை காத்திருந்தால் பாகு முற்றி, மைசூர்பாகு கல்லாகிவிடும். விரலில் கம்பி பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் சூட்டையல்ல, சர்க்கரையின் செறிவைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இப்போது வகுத்தல். வடிந்த 70 கிராமைக் கழித்தால் கொழுப்பு 441. வகுக்க வேண்டிய எடை 1,150 அல்ல, ஒட்டிக்கொண்டதையும் சேர்த்து 1,170. கடாயில் ஒட்டியதும் அதே மைசூர்பாகுதானே. அப்படிப் பார்த்தால் 30 கிராம் வில்லை ஒன்றில் கொழுப்பு 11.3 கிராம், கார்போஹைட்ரேட் 15.8, புரதம் 1.4. சுமார் 170 கலோரி. அதில் கிட்டத்தட்ட நூறு நெய்யிலிருந்து வருவது.

வடிந்த நெய்யைக் கழிக்க மறந்தால் இதே வில்லை 187 கலோரி காட்டும். நெய்யையும் கழிக்காமல், பச்சைப் பொருள்களின் எடையைத் தண்ணீரோடு கூட்டி 1,450ஆல் வகுத்தால் 151 என்று வரும். இந்த இரண்டாவது எண்தான் எனக்குக் கவலை தருவது. இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் அது நம்பும்படியாகத் தோன்றிவிடுகிறது.

மொத்தத்தை வில்லைகளின் எண்ணிக்கையால் வகுப்பதும் சரிப்படாது. ஓரத்து வில்லைகள் மெலிந்திருக்கும், நடுவில் வெட்டியவை தடித்திருக்கும். சாப்பிடப்போகும் வில்லையையே தராசில் வைப்பது மேல். மலைமேல் புவியீர்ப்பு குறைவுதான். சமவெளியில் சரிபார்த்த மின்னணுத் தராசு 1,170 கிராமுக்கு அரை கிராம் போலக் குறைத்துக் காட்டும். ஆனால் பொருள்களையும் அதே தராசில்தான் நிறுத்தோம் என்பதால், வகுக்கும்போது அந்தக் குறை தானே அடிபட்டுப் போகிறது.