ஸ்கேல் சொன்ன பொய்

வீட்டு மனை வரைபடத்தின் மூலையில் 1:100 என்றிருக்கிறது. தாளில் 1 சென்டிமீட்டர், தரையில் 100 சென்டிமீட்டர், அதாவது 1 மீட்டர். வீட்டுச் சுவருக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார் வீடு கட்டுபவர். 1.4 சென்டிமீட்டர். அப்படியானால் 1.4 மீட்டர்தானே? 2 மீட்டர் விடுவதாகச் சொன்ன பொறியாளர் மீது கோபம் வருகிறது.

கோபப்படுமுன், அளவு எழுதியிருக்கும் ஒரு கோட்டை அளந்து பார்த்திருக்கலாம். மனையின் அகலம் 12.20 மீட்டர் என்று படத்திலேயே இருக்கிறது. 1:100 உண்மையானால் அந்தக் கோடு 12.2 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அளந்தால் 8.6தான்! 1220ஐ 8.6ஆல் வகுத்தால் சுமார் 142. கையிலிருக்கும் தாளின் உண்மையான விகிதம் 1:142. இப்போது 1.4ஐ 142ஆல் பெருக்கினால் 199 சென்டிமீட்டர். பொறியாளர் சொன்ன அதே 2 மீட்டர்.

நடந்தது இதுதான்: ஏ3 தாளில் வரைந்ததை ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். கோடுகள் 71 சதவீதமாகக் குறைந்தன. மூலையில் அச்சான எண் மட்டும் அப்படியே நின்றது. எண்ணுக்குப் பதில் அளவுக்கோடு வரைந்திருந்தால் அதுவும் கூடவே சுருங்கியிருக்கும்.

நீளவாட்டிலும் ஒரு கோட்டைச் சரிபார்ப்பது நல்லது. சில பிரிண்டர்கள் ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிடும். இந்தத் தாளில் ஸ்கேலை அரை மில்லிமீட்டர் தவறாகப் படித்தாலே தரையில் 7 சென்டிமீட்டர் போய்விடும். அதனால் மதில் ஓரத் தகராறுக்கு டேப்பைத்தான் எடுக்க வேண்டும்.